அந்த 11 புள்ளி யாருடையது?

அந்தக் காணொளியைப் பற்றி வாய் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். நேற்று ஒருவர் அதைப் பகிர்ந்துவிட்டு, "சேர், இதுக்கும் ஒரு நொட்டை சொல்லுவீங்களே" என்று என் பெயரையும் கோத்துவிட்டிருக்கிறார். சரி, சொல்கிறேன்.

எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மேடை, மாலை, பின்னால் பெரிய திரை. முதலாம் தவணையில் தரம் 10 இன் 120 பிள்ளைகளில் விஞ்ஞானத்தில் கடைசியாக வந்த 30 பேரைத் தெரிந்தெடுத்து, கொழும்பிலிருந்து வந்த வளவாளர் ஒரு பகல் முழுக்கத் தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுத்தார். அந்த 30 பேரின் சராசரி 25. இரண்டாம் தவணையில் அதே பிள்ளைகளின் சராசரி 36. கைதட்டல். இப்போது இதை எல்லாப் பாடசாலைகளுக்கும் கொண்டுபோக வெளிநாட்டு உறவுகளிடம் காசு சேர்க்கிறார்கள்.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. கடைசியில் நிற்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை அவர்களின் சராசரி ஏறும்.

ஏன்? விஞ்ஞானம் முதலாம் பத்திரத்தில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஒரு பிள்ளைக்கு 20 வினாக்களுக்கு விடை தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு கீறுகிறது என்று வையுங்கள். சராசரியாக 5 சரிவரும். ஆனால் ஒரு பிள்ளைக்கு 2 சரிவரும், பக்கத்து மேசைப் பிள்ளைக்கு 8 சரிவரும். இரண்டு பேருக்கும் ஒரே அறிவுதான். இதற்கு மேல் காய்ச்சல், முதல் நாள் செத்தவீடு, படிக்காமல் விட்ட அலகிலேயே வந்து விழுந்த கேள்வி. கடைசி 30 பேரின் பட்டியல் என்பது விஞ்ஞானம் தெரியாதவர்களின் பட்டியல் மட்டுமல்ல, அன்றைக்கு அதிர்ஷ்டம் கெட்டவர்களும் அதில்தான் கூடி நிற்பார்கள். அறிவுக்குறை அடுத்த தவணைக்கும் கூடவே வரும். அதிர்ஷ்டக்குறை பெயர்ப் பட்டியல் பார்த்து வருவதில்லை.

கணக்காகவே பார்ப்போம். தரத்தின் மொத்தச் சராசரி இரண்டு தவணையிலும் 50 அளவில்தான் இருந்தது. அதை அவர்களே திரையில் போட்டிருந்தார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு தவணையில் பிள்ளை சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அதில் ஒரு பங்குதான் அடுத்த தவணைக்கு ஒட்டி வரும். அந்தப் பங்கை 0.6 என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த 30 பேரும் 50 இலிருந்து 25 கீழே நிற்கிறார்கள்.

50 + 0.6 × (25 − 50) = 35

வளவாளர் யாழ்தேவியில் ஏறாமலே இருந்திருந்தாலும் 35. வந்து போனபிறகு 36. மீதி 1 புள்ளியை அவருக்கே கொடுத்துவிடலாம், மாலையையும் கழற்ற வேண்டாம்.

"0.6 என்பது உங்கள் வசதிக்குப் போட்ட எண்" என்பீர்கள். நியாயம். பங்கு 0.8 என்றால் சும்மா ஏறுவது 5 புள்ளி, மீதி 6 க்கு வேறு காரணம் தேட வேண்டும். பரீட்சை அச்சுப் பிசகாமல் அறிவை மட்டும் அளந்தால் பங்கு 1, அப்போது இந்த ஏற்றமே இருக்காது. அதனால்தான் கேட்கிறேன், போன வருடத்துத் தரம் 10 இன் இரண்டு தவணைப் புள்ளிகளையும் எடுத்துப் பாருங்கள். அந்த வருடம் ஒரு வளவாளரும் வரவில்லை. அப்போதும் கடைசி 30 பேர் ஏறியிருக்கிறார்களா, எவ்வளவு? வகுப்பாசிரியரிடம் பதிவேடு இருக்கிறது, ஒரு பின்னேர வேலை. இதைக் கேட்டதற்குத்தான் எனக்குப் 'பொறாமை' என்று பட்டம்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. தலைகீழாகப் பாருங்கள். இரண்டாம் தவணையில் கடைசியாக வந்த 30 பேரை எடுத்து, அவர்கள் முதலாம் தவணையில் எவ்வளவு எடுத்தார்கள் என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். அங்கேயும் சராசரி கூடவே இருக்கும். பயிற்சி பின்னோக்கி வேலை செய்ததா? "அப்ப எல்லாப் பிள்ளையளும் 50 க்கு வந்திடுவினமோ?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை அண்ணை. இவர்கள் மேலே போக, வேறு பிள்ளைகள் இந்த முறை கீழே வந்திருப்பார்கள். ஆனால் அவர்களை யார் மேடைக்குக் கூப்பிடப் போகிறார்கள்?

இது என் கண்டுபிடிப்பும் அல்ல. ஆங்கிலேய விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டன் 1886 இல் பெற்றோரின் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் வைத்து எழுதியது. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகளும் உயரம்தான், ஆனால் சராசரியாக அவ்வளவு உயரம் இல்லை. டானியல் கானமன், 2002 இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர்களுக்குப் படிப்பிக்கப் போனபோது, பாராட்டினால் மாணவர் நன்றாகக் கற்பார் என்று சொல்லியிருக்கிறார். மூத்த பயிற்றுநர் ஒருவர் எழும்பி, பாராட்டினால் அடுத்த பறப்பு மோசமாகிறது, ஏசினால் அடுத்தது திருந்துகிறது என்றாராம். அவர் கண்டது பொய்யில்லை. மிக நன்றாகப் பறந்தபின் அடுத்தது சற்றுக் குறைவாகத்தான் இருக்கும், மிக மோசத்துக்குப்பின் சற்று நன்றாகத்தான் இருக்கும். ஏச்சு இடையில் வந்து பெயர் வாங்கிக்கொண்டது.

இந்த இடத்தில்தான் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. எங்கள் வகுப்பில் பூவரசந்தடி இருந்தது. தவணைப் புள்ளி வந்த அன்று கடைசி வாங்கில் இருந்தவர்களை வரிசையாகக் கூப்பிட்டு, உள்ளங்கையை நீட்டச் சொல்லி அடிப்பார்கள். அடுத்த தவணை எங்களில் பலருக்குப் புள்ளி கூடும். "பாத்தீங்களே, தடி செய்த வேலை" என்று அப்பாவிடம் சொன்னார் ஆசிரியர். அப்பாவும் நம்பினார். கை வீங்கிப் பேனை பிடிக்க முடியாமல் இருந்த எனக்கு, நான் ஏன் கூட எடுத்தேன் என்று தெரியாது, ஆனால் தடியால் இல்லை என்று மட்டும் தெரியும். முதலாம் பிள்ளையாக வந்தவள் அடுத்த தவணை 92 இலிருந்து 81 க்கு இறங்கினால் நாவூறு, தலைக்கனம், புகழ்ந்து கெடுத்தது என்பார்கள். நொந்த பிள்ளைகளுக்குத் தடி, நன்றாகச் செய்தவர்களுக்கு வாயே திறவாத பெரியவர்கள். ஒரு தலைமுறையே இப்படி வளர்ந்தது. நேற்றும் ஒருவர் பின்னூட்டத்தில் எழுதுகிறார்: "செமினார் எல்லாம் சும்மா, நாலு அடி போட்டால் இதைவிடக் கூடும்." கூடும் ஐயா. கூடத்தான் செய்யும். வாய்க்காலுக்குத் தண்ணீர் வார்த்தாலும் கூடும்.

"பிள்ளைகளின் கண்ணில் நம்பிக்கையைக் கண்டோம்" என்கிறீர்கள். கண்டிருப்பீர்கள், அதை நான் மறுக்கவில்லை. அதற்குத் திரையில் 25, 36 என்று போடத் தேவையில்லையே. "நீங்கள் என்னத்தைக் கிழித்தீர்கள்" என்பவருக்கு: நாற்பது வயதிலேயே தலை நரைக்கும் அளவுக்குக் கணிதம் படிப்பித்தேன். அது போகட்டும்.

பயிற்சி வேலை செய்யாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. வேலை செய்ததா என்று உங்கள் 11 புள்ளியால் சொல்ல முடியாது என்கிறேன். காசு சேர்க்க முன் இதைச் செய்யுங்கள்: அடுத்த தவணையில் கடைசி 30 பேரின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். 15 பேருக்கு இப்போது பயிற்சி, மற்ற 15 பேருக்கு அடுத்த பரீட்சை முடிந்த பின். இரண்டு பகுதியும் ஏறும். எவ்வளவு ஏறியது என்பதை விடுங்கள், ஒன்று மற்றதைவிட எவ்வளவு கூட ஏறியது என்று பாருங்கள். 15 பேர் என்பது சிறிய தொகை, 3, 4 புள்ளி வித்தியாசம் வந்தால் அதுவும் தற்செயலாக இருக்கலாம், ஆகவே இரண்டு மூன்று பாடசாலைகளில் செய்தால் நல்லது. ஆர் ஆருக்கு இப்போது என்பதை அதிபரோ பெற்றோரோ தெரிவு செய்ய வேண்டாம், குலுக்கல்தான் தெரிவு செய்ய வேண்டும். சீட்டெழுத நானே வருகிறேன், தேத்தண்ணி மட்டும் தந்தால் போதும்.