எதிர்க்க ஆள் நியமித்தால் போதுமா?

“கமிட்டி உடனே ஒத்துப்போகிறதா? எதிர்த்துப் பேச ஒருவரை நியமியுங்கள், மனதில் தயக்கம் இருந்தும் எல்லோரும் ஒத்துப்போகும் குழுச்சிந்தனை தீர்ந்தது.”

நீங்கள் சொல்லும் இந்த யோசனை பாதிதான் சரி, அண்ணா. உளவியலாளர் சார்லன் நெமெத்தின் சோதனைகளில், நியமித்த எதிர்ப்பாளரைக் கேட்டவர்கள் தங்கள் பழைய முடிவுக்கே கூடுதல் காரணம் தேடினார்கள். உண்மையாக மாறுபட்டவர் இருந்தபோதுதான் புது யோசனைகள் வந்தன.

வேளச்சேரி அடுக்ககச் சங்கம் ஒன்று மழைநீர் பம்ப் வாங்குகிறது என்று வையுங்கள். தலைவர் முதலிலேயே ஒரு கொட்டேஷனைப் புகழ்ந்தால், நியமித்தவரும் கடமைக்கு ஒரு கேள்வி கேட்டு அடங்கிவிடுவார். தலைவர் கடைசியில் பேசட்டும். அதற்கு முன் ஒவ்வொருவரும் தன் தேர்வையும் தயக்கத்தையும் சீட்டில் எழுதட்டும். சீட்டில் இருக்கும் தயக்கம் பேச்சில் வரவில்லையென்றால் அதுதான் குழுச்சிந்தனையின் அடையாளம். எல்லாச் சீட்டும் ஒன்றாக இருந்தால்? உண்மையான ஒற்றுமையாகவும் இருக்கலாம்.

கூட்டத்துக்கே ஆள் வராதது வேறு சிக்கல். அதற்கு இது உதவாது.