போர்ட்டைத் திறந்தேன், கதவு மட்டும் திறக்கவில்லை

மூன்று மாலைகளை நான் இந்த ஒரே வேலையில் தொலைத்திருக்கிறேன். வீட்டில் கோப்புகளைச் சேமிக்கும் ஒரு சிறிய சர்வர் இருக்கிறது. வெளியிலிருந்தும் அதை எட்ட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. 8443 என்ற போர்ட்டுக்கு வரும் எதையும் 192.168.1.50 என்ற கணினியின் 443-க்கு அனுப்பும்படி ரவுட்டரில் விதி எழுதினேன். ஃபயர்வாலைப் பார்த்தேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன், விதியை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். வெளியிலிருந்து முயன்றால் ஒவ்வொரு முறையும் இணைப்பு காலாவதியானது. வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால், ரவுட்டரை மறுபடியும் அணைத்துப் போடச் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்களிடம் ஒரு சொல்லும் இல்லை.

தவறு என் விதியில் இல்லை என்பது, ரவுட்டரின் நிலைப் பக்கத்தில், சேவை நிறுவனம் அதற்குக் கொடுத்த முகவரியைக் காட்டும் WAN IP என்ற வரியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அங்கே 100.72.14.9 என்று இருந்தது. வெளியுலகுக்கு என் முகவரி எதுவாகத் தெரிகிறது என்று பார்க்க, வீட்டுக் கணினியில் இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்:

```
curl -4 ifconfig.me
```

வந்த முகவரி முற்றிலும் வேறு. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான தொகுதி, சேவை நிறுவனங்கள் தங்கள் வலையமைப்புக்குள் வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்டது. பொது இணையத்தில் அந்த முகவரிகளுக்கு வழியே கிடையாது. ஆக, உலகுக்குத் தெரியும் ஒரே முகவரியை நானும் எனக்கு முகம் தெரியாத பலரும் பங்கிட்டுக்கொண்டிருக்கிறோம். நிறுவனத்தின் பெரிய முகவரி மாற்றுக் கருவி ஒன்று நடுவில் நின்று எங்களைப் பிரித்துக் காட்டுகிறது. இதற்கு சிஜிநாட் என்று பெயர்.

நாம் உள்ளிருந்து ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது, அந்தக் கருவி தன் அட்டவணையில் ஒரு வரி எழுதி, பதில் வந்ததும் அந்த வரியைப் பார்த்து நமக்குத் திருப்பி அனுப்புகிறது. வெளியிலிருந்து ஒருவர் தாமாக 8443-ஐத் தட்டும்போது அப்படி ஒரு வரியே இல்லாததால், இது யாருக்கு வந்தது என்று தெரியாமல் அந்தப் பாக்கெட்டை அங்கேயே தூக்கி எறிந்துவிடுகிறது. என் ரவுட்டரை அது தொடவே இல்லை. வராத பாக்கெட்டுக்கு எத்தனை விதி எழுதி என்ன பயன்? யுபிஎன்பி, டைனமிக் டிஎன்எஸ் என்று நான் முயன்றவையும் இதனால்தான் வீணாயின: முதலாவது என் ரவுட்டரில்தான் போர்ட்டைத் திறக்கிறது, இரண்டாவது பலருக்கும் பொதுவான முகவரிக்கு அழகான ஒரு பெயரைச் சூட்டுகிறது. முகவரிப் பற்றாக்குறை எனக்கும் புரிகிறது. ஆனால் இதை இணைப்புக் கொடுக்கும்போதே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம் அல்லவா?

(WAN வரியில் 192.168 என்று தொடங்கினால் நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் வீட்டைப் பாருங்கள். மோடமும் ஒரு ரவுட்டராக இயங்கிக்கொண்டிருக்கலாம். அதை பிரிட்ஜ் நிலைக்கு மாற்றினாலே தீர்ந்துவிடும்.)

நேரான தீர்வு, எனக்கென்று ஒரு பொது ஐபிவி4 முகவரியைக் கேட்டுப் பெறுவது. சில நிறுவனங்கள் கேட்டதும் தருகின்றன, சில கூடுதல் கட்டணம் வாங்குகின்றன, என்னுடையது மறுத்துவிட்டது. ஐபிவி6 இருந்தால் முகவரிப் பகிர்வே தேவையில்லை; சர்வரின் முகவரிக்கு ரவுட்டர் ஃபயர்வாலில் அனுமதி கொடுத்தால் போதும். ஆனால் வெளியிலிருந்து வருபவரிடமும் ஐபிவி6 இருக்க வேண்டும்.

கடைசியில் நான் செய்தது, பொது முகவரி உள்ள ஒரு சிறிய வாடகை சர்வரை எடுத்து, வீட்டிலிருந்தே அதற்கு ஒரு சுரங்கம் போட்டதுதான். உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பை சிஜிநாட் தடுப்பதில்லை. அது எழுதும் அந்த அட்டவணை வரியையே நமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறோம். வீட்டுச் சர்வரில் கொடுத்த கட்டளை இது, 203.0.113.20 என்ற இடத்தில் உங்கள் வாடகை சர்வரின் முகவரியைப் போடுங்கள்:

```
ssh -N -o ServerAliveInterval=30 \
  -R 0.0.0.0:8443:localhost:443 user@203.0.113.20
```

வாடகை சர்வரின் `sshd_config` கோப்பில் `GatewayPorts clientspecified` என்று எழுதி சேவையை மறுபடி தொடங்காவிட்டால், போர்ட் அந்த சர்வருக்குள் மட்டுமே திறக்கும். இதில் எனக்கு இன்னொரு மணி நேரம் போனது. 30 விநாடிக்கு ஒரு முறை எதையாவது அனுப்பிக்கொண்டிருப்பதும் அவசியம், ஏனெனில் பேச்சுமூச்சில்லாத இணைப்பின் வரியை நடுவிலிருக்கும் கருவி சத்தமில்லாமல் அழித்துவிடும். நீங்களும் உங்களைச் சேர்ந்தவர்களும் மட்டுமே நுழைவதானால், போர்ட்டை உலகுக்கே திறந்துவைக்காமல் அதே வாடகை சர்வரில் வயர்கார்டு என்ற விபிஎன் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. அங்கேயும் `PersistentKeepalive = 25` என்ற வரியை வீட்டுப் பக்க அமைப்பில் சேர்க்க வேண்டும்.

வீட்டுக்குள்ளிருந்தே சோதித்து ஏமாறாதீர்கள். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் வாடகை சர்வரின் முகவரியில் அந்த 8443-ஐத் திறந்து பாருங்கள்.