உடம்பு சூடு ஏறுற நாளா கருமுட்டை வர்ற நாள்?

"காலைல எந்திரிச்சதும் அளக்குற உடம்பு டெம்பரேச்சர் ஏறுனா அன்னைக்குத்தான் முட்டை வெளியாகுது, குழந்தைக்கு அன்னைக்கே ட்ரை பண்ணுங்க."

இப்படிச் சொல்றது தப்புங்க. முட்டை வெளியான பிறகு சுரக்குற புரோஜெஸ்டிரோன்ங்கற ஹார்மோன்தான் சூட்டை ஏத்துது, ஏறுனது தெரியறப்ப ஒரு நாள் ஆயுசுள்ள அந்த முட்டை அனேகமா போயிருக்கும். தினமும் ஒரே நேரத்துல அளக்கணும்னு சொல்றது சரி, ஆனா முந்தின 6 நாளை விட 3 நாள் தொடர்ந்து சூடு கூட இருந்தாத்தான் முட்டை வெளியானது உறுதி. எங்க மன்னார்குடி பக்கம் ராத்திரி 2 மணிக்கு மோட்டார் போட எந்திரிச்சுப் போயி, வந்து படுத்து 7 மணிக்கு அளந்தேன், 36.7 டிகிரி செல்சியஸ் காட்டுச்சு, வழக்கமா 5.30க்கு 36.4தான், ஏறிடுச்சுன்னு நம்பிட்டேன், மறுநாளே பழைய 36.4. அது தூக்கம் கெட்டு லேட்டா அளந்த சூடு, அந்த நாளைக் குறிச்சு வச்சு கணக்குல சேர்க்காம விட்ருங்க. நைட் டூட்டி மாறி மாறி பாக்குறேன், பகல் தூக்கத்துக்கப்புறம் அளந்தாலும் டெம்பரேச்சர் சார்ட்டு பிடிபடுமான்னு கேக்குற தங்கச்சிக்கு, அதை உறுதியா சொல்ல முடியாதும்மா, பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்ன புரோஜெஸ்டிரோன் ரத்த டெஸ்ட் எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளு.