"இருட்டுக்குள் படி தடக்கி விழுந்திட்டா"

சென்ற மாசி மாதம், கொக்குவிலில் வசிக்கும் என் பெரியம்மா பின்னிரவு இரண்டு மணியளவில் குசினிப் படியில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவருக்கு 78 வயது. பார்க்க வந்த எல்லோரிடமும் வீட்டார் மேலே உள்ள வசனத்தையே சொன்னார்கள். நாற்பது ஆண்டுகளாக அவர் ஏறி இறங்கிய படி அன்றிரவு மட்டும் ஏன் தடக்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. மருந்தாளராக நீண்டகாலம் பணியாற்றியவன் என்பதால், அந்தக் கேள்வியை என்னால் விட முடியவில்லை.

முதலில், விழுந்தது நினைவிருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். கையை ஊன்றி விழுந்தவர் அந்த நேரத்தில் சுயநினைவோடு இருந்திருக்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். கையில் கீறல்கூட இல்லாமல் முகம் மட்டும் அடிபட்டு, விழுந்ததும் நினைவில் இல்லையென்றால், அவர் மயங்கி விழுந்திருக்கக்கூடும். அன்றே இதயத் துடிப்பைப் பரிசோதிக்க வேண்டும். பெரியம்மாவுக்கு எல்லாம் நினைவிருந்தது. "எழும்பி நாலடி வைக்கக் கண் இருண்டது, பிறகு தெளிஞ்சிட்டுது, படியில காலை வைக்க நிலம் அந்த இடத்தில இல்லை" என்றார். விழுந்த கதை முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருந்தது.

கண் இருண்டதற்குக் காரணம் அவருடைய குளிசைப் பையில் கிடைத்தது. பிரஷருக்கு பிரசோசினும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும், கால் எரிவுக்கு இரவில் அமிட்ரிப்டிலினும் எடுத்துவந்தார். பிரசோசின் இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால், எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்கி மூளைக்குச் செல்வது சற்றுக் குறைகிறது. அமிட்ரிப்டிலினும் அதையே செய்வதோடு தூக்கக் கலக்கத்தையும் தருகிறது. ஹைட்ரோகுளோரோதயசைட் சலத்தைக் கூட்டும் குளிசை என்பதால் காலையில் எடுக்க வேண்டியது. ஆனால் பெரியம்மா காலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போகிறவர். அங்கே நிற்கும்போது அவசரம் வந்துவிடும் என்ற கூச்சத்தில், யாரிடமும் சொல்லாமல் அதை இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னர் மாற்றிக்கொண்டிருந்தார். இதனால் இரவில் மூன்று தடவை எழும்ப வேண்டியிருந்தது.

ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பார்த்தபோது பிரஷர் 146/80. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் 116/68, மூன்றாவது நிமிடத்தில் 120/70. நின்றவுடன் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே கவனிக்க வேண்டும். இவருக்கு மேல் எண் 30 இறங்கியிருந்தது. கிளினிக்கில் எப்போதும் கதிரையில் இருத்தியே அளந்ததால் அவருடைய கொப்பியில் இது ஒருநாளும் பதிவாகவில்லை. இத்தகைய குளிசைகள் எடுக்கும் முதியவர்களை நிற்க வைத்தும் அளக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் இந்தப் பதிவை வாசித்துவிட்டு எவரும் தாமாகக் குளிசையை நிறுத்த வேண்டாம்; அளந்த எண்களை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

சரி, கண் தெளிந்த பிறகும் அவர் ஏன் விழுந்தார்? உடல் நிலைகுலையாமல் நிற்பதற்குக் கண், உட்காது, பாதத்தின் உணர்வு ஆகிய மூன்றிலிருந்தும் மூளைக்குத் தகவல் போகிறது. இருபது ஆண்டு நீரிழிவால் அவருடைய பாதங்கள் மரத்துவிட்டன. செருப்புக் கழன்றால்கூடத் தெரியாது. மருமகள் விழித்துவிடுவாள் என்று விளக்கைப் போடாததால் கண்ணின் உதவியும் போய்விட்டது. மிஞ்சியது வயதோடு மங்கிவிட்ட உட்காது மட்டுமே.

விளக்கு எரிந்திருந்தாலும் ஆபத்து முற்றாக நீங்கியிருக்காது. அவர் அணிவது தூரத்துக்கும் வாசிப்புக்குமான இரட்டை வில்லைக் கண்ணாடி. குனிந்து படியைப் பார்க்கும்போது, கையில் பிடித்த புத்தகத்தின் தூரத்துக்கு அமைந்த கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க நேர்வதால், படியின் விளிம்பு மங்கிவிடும். வலக்கண்ணில் வெண்புரை வேறு. சீமெந்துத் தரையில் அதே நிறச் சீமெந்துப் படி.

வீட்டு வேலை ஒரு நாளில் முடிந்தது. படி விளிம்பில் மஞ்சள் வண்ணக் கோடு, சுவரில் கைபிடி, கட்டிலிலிருந்து எட்டும் தூரத்தில் விளக்குச் சுவிட்ச். மருத்துவர் பிரசோசினுக்குப் பதிலாக வேறு குளிசை தந்து, அமிட்ரிப்டிலினின் அளவைக் குறைத்தார். சலக் குளிசையை இப்போது கோயிலிலிருந்து வந்தபின் ஒன்பது மணிக்கு எடுக்கிறார். இரவில் ஒருமுறைதான் எழும்புகிறார். இரண்டு வாரம் கழித்து அளந்தபோது மேல் எண்ணின் இறக்கம் 12 ஆகக் குறைந்திருந்தது.

எனக்கு இன்னும் கவலை தருவது அவருடைய கால்கள். கை முறிந்த ஆறு வாரமும், மீண்டும் விழுந்துவிடுவார் என்ற அன்பினால், வீட்டார் அவரை நடக்கவே விடவில்லை. அதில் தொடைத் தசை மெலிந்து, கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் போனது. இப்போது விறாந்தையில் சுவரோடு சாத்திய கதிரையில், பக்கத்தில் ஒருவர் நிற்க, காலையும் மாலையும் எழும்பி இருந்து பழகுகிறார். முதல் வாரம் இரண்டு தடவைதான் முடிந்தது, நேற்று ஏழு. வெண்புரைச் சத்திரசிகிச்சைக்கு இன்னும் திகதி கிடைக்கவில்லை.