உண்மை விளக்கம்: மாலைநேர விலைக்கழிவும் கடையின் இலாபமும்

"மாலையில் ஹேப்பி அவர் என்று சில மணிநேரம் விலையைக் குறைத்தால் விற்பனை ஏறும், விற்பனை ஏறினால் இலாபமும் ஏறும்."

தவறு. முதல் பாதி பெரும்பாலும் நடக்கும். இரண்டாவது தானாக நடக்காது.

வெள்ளவத்தையில் ஒரு கொத்துக் கடையை எடுப்போம். ஒரு கொத்து 1,000 ரூபாய்; இறைச்சி, ரொட்டி, எரிவாயு, பெட்டி எல்லாம் 600. மிச்சம் 400. மாலை 4 முதல் 6 வரை 30 கொத்து விற்றால் 12,000 நிற்கும். 20 சதவீதம் கழித்தால் விலை 800, மிச்சம் 200 தான். விலையில் ஐந்தில் ஒன்று போக, மிச்சத்தில் பாதி போய்விட்டது! இனி 60 கொத்து விற்றால்தான் பழைய 12,000 வரும். 50 விற்றால் கல்லாவில் 30,000க்குப் பதில் 40,000 சேரும், மிச்சமோ 10,000 ஆகக் குறையும். கடைக்காரர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சோதிக்க, எட்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு வாரம் கழிவு கொடுங்கள். அந்த இரண்டு மணிநேரத்தை மட்டும் பார்க்காமல் முழுநாள் மிச்சத்தையும் ஒப்பிடுங்கள். இரவு 7 மணிக்கு முழு விலையில் வாங்குபவரே 5 மணிக்கு வந்திருக்கலாம். போயா நாட்களையும் சம்பள நாட்களையும் கணக்கிலிருந்து விலக்குங்கள்.