இபிட் போட்டவர் யார்?

மூன்று நாளாக ஒரு ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கு பார்த்தாலும் இபிட்! லத்தீனில் 'அதே இடத்தில்' என்று பொருள். அதாவது நேர் முந்தைய குறிப்பில் உள்ள நூல். 12ஆம் குறிப்பில் ஒரு நூல், 13இல் 'இபிட், பக்கம் 47'. சரிதான். நெறியாளர் சொன்னார் என்று இடையில் புதிய நூல் ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். பழைய 13 இப்போது 14. எண்ணைக் கணினி தானாக மாற்றிவிடும். இபிட் எதைச் சுட்டியது என்று அதற்கு எப்படித் தெரியும்? அந்த 47ஆம் பக்கம் இப்போது வேறொருவர் புத்தகத்துக்குப் போய்விட்டது. ஒவ்வொன்றாக நூலைத் திறந்து பார்த்தால்தான் தவறே தெரிகிறது. அடிக்குறிப்பு எழுதப் பலரும் பின்பற்றும் சிகாகோ நடைக் கையேடே 2017இல் இபிட் வேண்டாம், ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்பும் போடுங்கள் என்றுவிட்டது. யார் கேட்கிறார்கள்?

அது போகட்டும், இந்த ஐ.இ.! 'அடையாளச் சான்று, ஐ.இ. பாஸ்போர்ட், கொண்டுவரவும்' என்று ஒரு அறிவிப்பு. ஐ.இ. என்றால் 'அதாவது'. அப்படியானால் பாஸ்போர்ட் மட்டும்தானே? வாக்காளர் அட்டையும் செல்லுமாம். பிறகு ஏன் 'எடுத்துக்காட்டாக' என்ற பொருளுள்ள இ.ஜி.யைப் போடவில்லை? இரண்டே எழுத்து, வாசலில் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள்!

ஆசிரியர்கள் பலராக இருந்தால் போடும் எட் ஆல்? 'மற்றும் பிறர்' என்று பொருள். 'எட்' முழுச் சொல், 'மற்றும்'. அதற்குப் பின்னால் புள்ளி எதற்கு? இன்று மட்டும் நாற்பது புள்ளி அழித்தேன். இன்னும் இரண்டு அத்தியாயம் கிடக்கிறது.