கடிதத்தைத் தடுத்தால் நாட்குறிப்பு வரும்

சாட்பாட்டை வைத்துக் கதையின் முதல் வரைவை எழுதிப் பார்ப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: எதைக் கேட்டாலும் ஒரே கதையைத் தருகிறது. குறை உண்மைதான். ஆனால் "தேய்வழக்கு வேண்டாம், புதுசாக எழுது" என்று கட்டளை போடுவதால் அது தீராது. ஏன் என்று ஒரு கதையை வைத்தே சொல்கிறேன்.

அப்பா இறந்தபின் அவர் வீட்டைக் காலி செய்ய அண்ணனும் தங்கையும் வருகிறார்கள். இருவருக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. இவ்வளவுதான் கொடுத்தேன். வந்த வரைவில் மழை பெய்தது. பரணில் ஒரு பழைய பெட்டி, அதற்குள் அப்பாவின் கடிதம். படித்துவிட்டு இருவரும் அழுது ஒன்று சேர்ந்தார்கள். கடைசி வரியாக வீடு காலியாகி மனம் நிறைந்தது என்பது மாதிரி ஒரு தத்துவம்.

சரி, கடிதம் வேண்டாம் என்றேன். நாட்குறிப்பு வந்தது. அதைத் தடுத்தால் புகைப்படத்தின் பின்பக்கத்தில் கையெழுத்து. அதையும் தடுத்தால் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, "உங்கப்பா கடைசியா என்ன சொன்னார் தெரியுமா?" என்று ஆரம்பிக்கிறார். பொருள்தான் மாறுகிறது, அது கதையில் செய்யும் வேலை மாறவில்லை. இறந்தவர் ஏதோ ஒரு வழியில் பேசி, இருப்பவர்களின் சண்டையைத் தீர்த்து வைக்கிறார். திரும்பத் திரும்ப வருவது அந்த வேலைதான்.

இதற்குக் காரணம் சாட்பாட்டை இயக்கும் மொழி மாடல்கள் எழுதும் முறையிலேயே இருக்கிறது. எழுதியதைத் தொடர்ந்து அடுத்து எது வர வாய்ப்பு அதிகமோ, அந்தப் பக்கமே அவை சாயும். அதற்கு மேல், மனிதர்கள் எந்தப் பதிலை அதிகம் விரும்புகிறார்கள் என்று பார்த்தும் பழக்கப்படுத்தப்படுகின்றன. அதனால் இதமான முடிவின் பக்கம் சாய்வு இன்னும் கூடுகிறது. "வேண்டாம்" என்று சொன்னால் அந்த இடம் காலியாகிறது, அவ்வளவுதான். அடுத்தபடியாக வாய்ப்புள்ளது வந்து அங்கே உட்கார்ந்துகொள்கிறது. போதாக்குறைக்கு, மழை வேண்டாம் என்று எழுதும்போது மழை என்ற சொல்லை நாமே அதன் முன்னால் வைத்துவிடுகிறோம். சில கருவிகளில், வாய்ப்பு குறைந்த சொற்களையும் எவ்வளவு தாராளமாக எடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் 'டெம்பரேச்சர்' என்ற அளவைக் கூட்டலாம். கூட்டினால் சொற்களும் பெயர்களும் மாறும், முடிச்சு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ரொம்பக் கூட்டினால் வாக்கியமே குலைந்துவிடும்.

ஆகவே நான் தடை போடுவது பொருளுக்கு அல்ல, அதன் வேலைக்கு. தடுத்த இடத்தை நானே நிரப்பியும் கொடுக்கிறேன். இந்தக் கதைக்குக் கொடுத்தது இது:

"அப்பாவிடமிருந்து புதிய செய்தி எதுவும் எந்த வழியிலும் இவர்களுக்கு வராது. அம்மாவின் வளையலை அண்ணன் முன்பே விற்றுவிட்டான். தங்கைக்கு அது தெரியும். அவள் அவனிடம் கடன் வாங்கியிருப்பதால் கேட்க முடியவில்லை. இந்தக் காட்சியில் இருவரும் அலமாரி வாசல் வழியே போகுமா என்று அளக்கிறார்கள். வளையல், கடன் இரண்டையும் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அளந்து முடிக்கும் முன்பே காட்சியை நிறுத்து."

இப்போது வந்தது வேறு கதை. அண்ணன் அளவை ஒருமுறை சொல்கிறான். தங்கை நம்பாமல், "இன்னொரு தடவை பிடி" என்கிறாள். அவன் டேப்பை மறுபடி நீட்டுகிறான். அந்த ஒரு வரியில் அவள் எதை நம்பவில்லை என்பது வாசகருக்குப் புரிந்துவிடும். முதல் வரைவின் மொத்தக் கண்ணீரையும்விட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனால் அதைச் சாத்தியமாக்கியது வளையலும் கடனும். அந்த முடிவுகளை எழுத்தாளர்தான் எடுக்க வேண்டும். கதை முடிச்சையும் சாட்பாட்டிடமே கேட்டு வாங்குபவர்களோடு நான் முரண்படுவது இந்த இடத்தில்தான்.

இதற்குப் பிறகும் பழைய வாசனை வரும். முக்கியமாகப் பத்தியின் கடைசி வாக்கியத்தில். காட்சி தானே சொல்லிவிட்டதை அங்கே விளக்கிச் சொல்லும்: 'அவர்கள் அளந்தது அலமாரியை மட்டுமல்ல' என்பது போல. ஒவ்வொரு பத்தியிலும் கடைசி வாக்கியத்தை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் வெட்டிவிடலாம்.

அப்புறம், ஒரே உரையாடலில் நீண்ட நேரம் திருத்திக்கொண்டே போகாதீர்கள். முன்னால் தான் எழுதியதையே அது மாதிரியாக எடுத்துக்கொள்ளும். நிராகரித்த கடிதமும் நாட்குறிப்பும் அங்கேயேதான் கிடக்கின்றன. நான் புதிய உரையாடலைத் திறந்து, கதாபாத்திரக் குறிப்பையும், என் கையால் திருத்திய, எனக்குப் பிடித்த ஒரே ஒரு பத்தியையும் ஒட்டிவிட்டு, அடுத்த காட்சியைக் கேட்கிறேன். திருத்தாமல் ஒட்டினால் அந்த விளக்க வாக்கியங்களும் கூடவே போய்ச் சேர்ந்துவிடும்.